பசுமைக்குடிலில் இரவையும் அளக்க வேண்டும்

ஏப்ரல் கடைசியில் தென்மாவட்டச் சமவெளியில் பசுமைக்குடில் தக்காளியைப் பக்கத்தில் நின்று பார்த்தால், முதலில் எந்தக் குறையும் தெரியாது. செடி ஆள் உயரம் வளர்ந்திருக்கும், இலைகள் கரும்பச்சையாக இருக்கும், உச்சியில் மஞ்சள் பூக்களும் நிறைய இருக்கும். பூங்கொத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். காய் இருக்க வேண்டிய இடத்தில் கட்டையாக நிற்கும் பாதிக் காம்புகள்தான் இருக்கும். தக்காளிப் பூவின் காம்புக்கு நடுவில் சிறிய முட்டி போல ஒரு கணு உண்டு. பூ உதிரும்போது அடியோடு வராது, அந்தக் கணுவில்தான் கழன்று விழும். விழுவதற்கு ஓரிரு நாள் முன்பே கணுவைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். கொத்தில் எத்தனை கட்டைகள் நிற்கின்றனவோ அத்தனை பூக்கள் வீணாகியிருக்கின்றன.

இதைக் கண்டதும் நம் விவசாயிகள் போரான் குறைவா, தண்ணீர் குறைவா, நோயா என்று தேடுகிறார்கள். உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். கோடையில் இந்த உதிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் வெப்பம் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வெப்பம் என்றதும் எல்லோர் கண்ணும் மதியம் இரண்டு மணி வெயில் மீதே போகிறது. இரவு இரண்டு மணிக்குக் குடிலுக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டால், மானியம் வாங்கியவரிடமும் பதில் இல்லை, மானியம் கொடுத்தவரிடமும் பதில் இல்லை.

தக்காளிக்குப் பகலும் இரவும் வேறு வேறு வெப்பம் வேண்டும் என்பது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், வெப்பத்தைக் கட்டுப்படுத்திய கண்ணாடிக்குடில்களில் தக்காளியை வளர்த்துப் பார்த்து, 1944-ல் முடிவுகளை வெளியிட்டார். பகல் 26 டிகிரி அளவிலும் இரவு 15 முதல் 20 டிகிரிக்குள்ளும் இருந்தபோதுதான் செடி நன்றாகக் காய்த்தது. இன்றைய சாகுபடி நூல்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: பகலில் 21 முதல் 29 வரை, இரவில் 15 முதல் 20 வரை. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் கெட்டுக் காய் கோணலாகும். இரவு 24 டிகிரியைத் தாண்டினாலோ பகல் 35-ஐத் தாண்டினாலோ காய்ப்பிடிப்பு சரியத் தொடங்கும்.

ஏன் என்று பார்க்க, பூ விரிவதற்கு முந்தைய நாட்களுக்குப் போக வேண்டும். தக்காளியில் வெப்பத்துக்கு மிகவும் நொந்துபோவது விரிந்த பூ அல்ல, விரிவதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாட்களுக்கு முந்தைய மொட்டு. அப்போது அது சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உள்ளே மகரந்தத் தாய்ச்செல்கள் பிரிந்து மகரந்தத்தூள் உருவாகத் தொடங்கும் கட்டம் அது. ஒவ்வொரு தூளும் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு, பூ விரியும் சமயத்தில் அதைச் சர்க்கரையாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். சூலகமுடியில் விழுந்த பிறகு முளைத்து, குழாய் நீட்டிச் சூலகம் வரை போவதற்கு அந்தச் சர்க்கரைதான் கைச்செலவு. வெப்பம் நீடித்தால் தூளில் மாவுச்சத்து சரியாகச் சேர்வதில்லை. பகலில் இலை சம்பாதித்ததைச் சூடான இரவில் செடி மூச்சுவிட்டே கரைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு சுமார் இரண்டு மடங்காகும்.

மகரந்தம் முளைக்கவில்லை என்றால் கருவுறுதல் இல்லை. கருவுற்ற சூலகம்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் காம்பு வழியே தொடர்ந்து அனுப்பி, கணுவை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வரத்து நின்றதும் எத்திலீன் கைமேலோங்கி, கணுவில் உள்ள செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. மஞ்சள் வளையம் தெரிவது அப்போதுதான். உரக்கடை பாட்டிலில் இருக்கும் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலமும் ஆக்சின் வகையே. அது காம்பைப் பிடித்து வைக்கும், கெட்ட மகரந்தத்துக்கு உயிர் தராது. அதனால்தான் தெளித்த பிறகு நிற்கும் காய்களில் பல, விதையில்லாமல் சிறுத்து, உள்ளே பொள்ளலாகிப் போகின்றன. எடைக்கு விற்கும் பொருளுக்கு இது நஷ்டம்.

மொட்டின் இந்தக் கணக்கை மறந்தால் நோயைத் தவறாகக் கண்டுபிடிப்போம். மே 5-ஆம் தேதி விரியும் பூவுக்கான தண்டனை ஏப்ரல் 25 வாக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. நடுவில் மழை பெய்து வானிலை குளிர்ந்திருந்தாலும் பூ கொட்டும். அதற்கு முதல் நாள் அடித்த மருந்தின் மீது பழி விழும்.

இனி பகலா இரவா என்ற கேள்வி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பீட் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகுதிச் செடிகளைப் பகல் 28, இரவு 22 டிகிரியிலும், இன்னொரு தொகுதியைப் பகல் 32, இரவு 26 டிகிரியிலும் வளர்த்தார்கள். இரண்டாவது தொகுதியில் காய்ப்பிடிப்பு வெகுவாக விழுந்தது. 32 டிகிரி என்பது நம் ஊரில் இதமான பகல். ஆனால் நாள் முழுவதற்குமான சராசரி 25-லிருந்து 29-க்கு ஏறியதே போதுமானதாக இருந்தது. அந்தக் குழுவின் ஆய்வுகளின் சாரம் இதுதான்: பகல் உச்சத்தைத் தனியாகவும் இரவைத் தனியாகவும் பார்ப்பதைவிட, 24 மணி நேரச் சராசரியே காய்ப்பிடிப்பை நன்றாகச் சொல்கிறது. அந்தச் சராசரியில் பாதி இரவுடையது.

இந்த அளவுகோலை நம் ஊர்களில் வைத்துப் பார்ப்போம். மதுரையில் ஜனவரி மாதம் பகல் சுமார் 30, இரவு சுமார் 21. இரண்டின் நடுவே 25.5. திறந்த வெளியிலேயே தக்காளி காய்க்கும். அதே மதுரையில் மே மாதம் பகல் 38, இரவு 26. நடுவே 32. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் ஏப்ரல் பகல் 34-ஐத் தொட்டாலும் இரவு 21-க்கு இறங்கிவிடுவதால், சராசரி 27.5-ல் நிற்கிறது. அங்கே சிரமம் உண்டு, வழியும் உண்டு. மதுரையில் வழி மிகக் குறுகல். இவை வெளிக்காற்றின் அளவுகள். 200 மைக்ரான் பாலித்தீன் போர்த்தி, வெள்ளை ஈ புகாமல் பக்கங்களில் நுண்வலை கட்டிய குடிலுக்குள் காற்றோட்டம் தடைபட்டு, பகலில் இன்னும் சில டிகிரி கூடவே இருக்கும்.

விசிறி, ஈரத்தட்டி வைத்துக் குளிர்விக்கலாமே என்பார்கள். ஈரத்தட்டி எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் காற்றின் வறட்சிதான் தீர்மானிக்கிறது. 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், நல்ல தட்டி காற்றை 29 டிகிரி வரை இறக்கிவிடும். இரவு 26 என்றால் சராசரி 27.5 ஆகும். கணக்கில் இது தேறுகிறது. ஆனால் தட்டிப் பக்கம் 29 ஆக நுழையும் காற்று, விசிறிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மூன்று நான்கு டிகிரி சூடேறிவிடும். ஒரே குடிலில் ஒரு முனையில் காய் பிடித்து மறுமுனையில் பூ கொட்டுவதன் காரணம் இதுதான். சென்னை, கடலூர் போன்ற கடலோரத்தில் 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அதே தட்டி மூன்று டிகிரிதான் இறக்கும். இரவில் காற்று ஈரமாகவே இருப்பதால் எங்கேயும் பெரிய பலன் கிடையாது. பகலைக் காசு கொடுத்துக் குளிர்விக்கலாம், சமவெளியின் மே மாத இரவை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் செலவில் குளிர்விக்க முடியாது.

பசுமைக்குடில் மானியத்தை நான் விமர்சிப்பது இந்த இடத்தில்தான். மத்திய, மாநிலத் தோட்டக்கலைத் திட்டங்கள் நிர்ணயச் செலவில் பாதி அளவுக்கு மானியம் தருகின்றன. கணக்கு சதுர மீட்டரில் நடக்கிறது. குழாயின் கனம், தாளின் மைக்ரான், வலையின் கண் எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. அந்த நிலத்தில் ஏப்ரல், மே இரவுகள் எத்தனை டிகிரி என்பதும், அதற்கு எந்தப் பயிர் தாங்கும் என்பதும் அனுமதியைத் தீர்மானிக்கும் கேள்விகளாக இல்லை. நீலகிரியில் டிசம்பர் இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது குடில் செடியைக் காப்பாற்றுகிறது. ஓசூரில் மழையையும் இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயையும் தடுக்கிறது. அந்தப் பயன்கள் உண்மையானவை. ஆனால் குளிர்நாடுகளில் வெப்பத்தைப் பிடித்து வைக்கவே உருவான கூரையை, சமவெளியில் ஆண்டு முழுவதும் தக்காளி தரும் என்று சொல்லிக் கொடுப்பது விவசாயியைக் கடனில் தள்ளும்.

ஏற்கெனவே குடில் போட்டவர்களுக்கு முதல் வழி நடவுத் தேதிதான். சமவெளியில் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் நட்டால் முதல் பூக்கள் அக்டோபரில் வரும், மார்ச் வரை காய் எடுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் தக்காளிக்கு ஓய்வு கொடுப்பதே நல்லது. கோடையில் செடி நின்றே ஆக வேண்டும் என்றால், நிழல்வலையைக் காலை 11 முதல் மதியம் 3 வரை மட்டும் இழுத்துவிட வேண்டும். நாள் முழுக்க மூடினால் வெளிச்சம் குறைந்து சர்க்கரையும் குறையும், பூ அதனாலும் உதிரும். பக்கத் திரைகளைச் சாயங்காலம் இறக்கி மூடும் பழக்கத்தை விட்டு, இரவு முழுவதும் திறந்து வைக்க வேண்டும். வலைக்குள் காற்றும் வராது, பூவை அதிரவைத்துத் தூளை உதிர்க்கும் கருவண்டும் வராது. ஆகவே காலை 9 முதல் 11 மணிக்குள் கொடி கட்டிய கயிற்றைத் தட்டி அதிரவைப்பது அவசியம்.

தட்டும்போதே சோதித்தும் பார்க்கலாம். அன்று விரிந்த பூவுக்கு அடியில் கறுப்புக் காகிதத்தைப் பிடித்துத் தட்டினால், வெளிர்மஞ்சள் தூள் படிய வேண்டும். தூளே விழவில்லை என்றாலும், சூலகமுடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், அந்தக் கொத்துக்கு உரத்தாலும் மருந்தாலும் பயன் இல்லை.

பூவிலிருந்து பழத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மே மாதத்தில் உதிரும் பூ, ஜூலைச் சந்தையில் இல்லாத பழம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையேற்றத்துக்கு மழை, நோய், பரப்பளவு என்று பல காரணங்கள் இருந்தன, கோடை வெப்பமும் அவற்றில் ஒன்று.

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவுசெய்யும் வெப்பமானியின் விலை சில நூறு ரூபாய்தான். வெயில் நேராகப் படாமல், பூங்கொத்தின் உயரத்தில் அதைத் தொங்கவிட்டு, தினமும் காலையில் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதினால் போதும். தோட்டக்கலைத் துறை ஒவ்வொரு மானியக் குடிலுக்கும் இந்தப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். ஏப்ரல், மே சராசரி 29 டிகிரியைத் தாண்டும் வட்டாரங்களில், ஆண்டு முழுவதும் தக்காளி என்று காட்டும் வருமானக் கணக்கை வைத்துப் புதிய குடிலுக்கு அனுமதி தருவதை நிறுத்த வேண்டும்.