பிடித்த வரி எங்கே போயிற்று?
பட்டாபிராமில் 60 லட்சத்துக்கு ஃபிளாட் விற்ற ஓய்வூதியர் ஒருவர் 26AS-ஐத் திறந்து பார்க்கிறார். வாங்கியவர் ஒரு சதவீத வரியென்று பிடித்துக்கொண்ட 60,000 ரூபாயைக் காணோம். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் 26QB வழியாக அது கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாதவர் வாங்கியவர், நிலுவை நோட்டீஸ் வருவதோ விற்றவருக்கு. இது அநியாயம். பிடிக்கப்பட்ட வரியை மறுபடி அவரிடம் கேட்கக் கூடாது என்றுதான் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு சொல்கிறது. விமானி ஒருவரின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் கட்டாத வழக்கில், 2021-இல் குஜராத் உயர் நீதிமன்றமும் விமானியின் பக்கமே நின்றது. ஆனால் பிடித்ததற்குச் சாட்சி வேண்டுமே! கிரயப் பத்திரத்தில் வரி போக 59,40,000 ரூபாய் பெற்றதாக எழுதியிருந்து, வங்கிக் கணக்கும் அதையே காட்டினால், விற்றவர் தைரியமாக ஆட்சேபம் எழுதலாம்.