'ஓனர்ஸ்' சங்கமா, 'குடியிருப்போர்' சங்கமா?

அபார்ட்மென்ட் சங்கத்துக்குப் பெயர் வைக்கும்போது சாமி பெயரா, பில்டர் பெயரா என்றுதான் வாக்குவாதம் வரும். சாதி ஒட்டு இல்லாத தெருப் பெயரை வைத்தால் அது தீர்ந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவது இன்னொரு சொல்: 'உரிமையாளர்கள்'.

24 வீட்டில் 10 வீடு வாடகைக்கு என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டி, தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் அந்த 10 குடும்பத்துக்கும் போர்டில் இடமில்லை. 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்றால் எல்லாரும் அடக்கம்.

கட்டடத்தை இடித்துக் கட்டும் முடிவு ஓனர்களுடையதுதான்; 2022-ம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிச் சட்டம் பேசுவதும் உரிமையாளர் சங்கத்தைத்தான். அது தனியாக இருக்கட்டும். தண்ணீர், குப்பை, பார்க்கிங் பேசும் நலச் சங்கத்தின் பைலாவிலும் வாடகைதாரரை உறுப்பினராகச் சேருங்க. இல்லைன்னா, புதுப் பெயர் வெறும் பெயின்ட்தான்.