உபயக் கடிதமும் விளம்பரப் பதாகையும்

திருவிழா நெருங்கினால் லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் கடைகளுக்கு நன்கொடைக் கடிதங்கள் புறப்பட்டுவிடும். "தங்கள் கடைப்பெயர் பதாகையில் பெரிதாக இடம்பெறும்" என்னும் வரி அவற்றுள் வேண்டாம் என்பது என் கருத்து. பதாகையில் இடம் விற்றால், கடைக்காரர் அதன் அளவைத்தான் கேட்பார்.

நமக்கு 'உபயம்' என்னும் சொல் இருக்கிறது. ஒரு நாள் விழாச் செலவை ஒரு குடும்பத்தார் ஏற்பது அது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி என்பர். ஆகவே கடிதம் பணத்தை அன்று, நாளைக் கேட்கட்டும். எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதலாம்:

"மூன்றாம் நாள் மாலைப் பூசைக்கும் அன்னதானத்திற்கும் 900 ரிங்கிட் ஆகும். தங்கள் குடும்பத்தார் அந்நாளின் உபயத்தை ஏற்க வேண்டுகிறோம். மூன்று குடும்பத்தார் பகிர்ந்தால் ஆளுக்கு 300. அரிசியாகவோ காய்கறியாகவோ தந்தாலும் மகிழ்வோம். அழைப்பிதழ் அச்சேறுமுன் தெரிவித்தருள்க."

அழைப்பிதழில் அந்நாளின் கீழ் "உபயம்: இன்னார் குடும்பத்தினர்" என ஒரே வரி. கடைப்பெயர் சேர்த்தால் அதே எழுத்தளவில் இருக்கட்டும். சின்னம், தொலைபேசி எண், தொகை வேண்டாம். பலர் பகிர்ந்தால் அகரவரிசை. தொகைவரிசை மனத்தாங்கலை வளர்க்கும். அன்று குடும்பத்தாரை முன்னழைத்துச் சங்கற்பத்தில் பெயர் சொல்லிப் பிரசாதம் வழங்குவதே உரிய மரியாதை.

சீனக் கடைக்காரர்களுக்கு மலாயில் எழுதுகையில் 'பெனாஜா' என்றால் விளம்பரதாரர் என்னும் பொருள் தட்டும், 'சும்பாங்கான்' போதும்.

விழா முடிந்ததும் ஒருபக்கக் கணக்கும் ரசீதும் அவர்கள் கையில் சேரவேண்டும். மறு ஆண்டு அந்நாளை வேறெவரிடமும் பேசுமுன் அவர்களிடமே முதலில் கேளுங்கள்.