"ஊமை சம்மதம்": பெண் மௌனமாக இருந்தால் அதற்கு என்ன பொருள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள், கோபம் வந்தால் கொமெண்ட்டில் சொல்லுங்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு நிகாஹ். ஆண்கள் பள்ளிக்குப் புறப்படுவதற்கு முன் பெண்ணின் வாப்பா உள்ளறைக்கு வந்து, மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் சொல்லி, "மகள், சம்மதமா?" என்று கேட்டார். அறைக்குள் பதினைந்து பேராவது இருந்திருப்போம். பெண் தலையைக் குனிந்தாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை, பெரியும்மா ஒருவர், "சரி சரி, வெக்கப்படுறா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சம்மதம்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அறையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அதே குனிந்த தலையை ஆறு வருடங்களுக்கு முன்பு என் சாச்சியின் மகளிடம் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அன்று சம்மதம் இருக்கவில்லை.

அவளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். யாரும் ஊகிக்க வேண்டாம்.

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும், அவள் வெட்கப்பட்டால் அவளுடைய மௌனமே அனுமதி என்ற கருத்தில் வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் வீடுகளில் இதன் பின்பாதி எல்லோருக்கும் மனப்பாடம். முன்பாதி, அதாவது கேட்க வேண்டும் என்பது, கலியாண நாள் காலையில் ஒரு சடங்காகச் சுருங்கிவிட்டது. ஹோல் புக் பண்ணி, சாப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, காட் அடித்து முடிந்த பிறகு கேட்கப்படும் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்?

பழைய இமாம்கள் மௌனத்தை நாம் படிப்பது போல அவசரமாகப் படிக்கவில்லை. ஹனபி நூல்களில் பெண் சிரித்தால் என்ன, ஏளனமாகச் சிரித்தால் என்ன, சத்தமில்லாமல் அழுதால் என்ன, சத்தம் போட்டு அழுதால் என்ன என்று தனித்தனியாகப் பேசப்பட்டிருக்கிறது. கண்ணீர் சூடாக இருந்தால் மறுப்பு, குளிர்ந்திருந்தால் சம்மதம் என்றுகூட ஒரு கருத்து உண்டு. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது யார்? பிறகுதான் விளங்கியது, ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். நம் பெரியும்மாவுக்கு ஒரு பொருள்தான் தெரியும்.

இலங்கையில் நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், கன்னிப் பெண்ணின் வாப்பாவுக்குச் சில நிபந்தனைகளோடு கூடுதல் அதிகாரம் உண்டு. அங்கே மகளிடம் கேட்பது சுன்னத். ஆனால் அதே மத்ஹபின் நூல்களில் ஒரு அழகான வழிமுறை இருக்கிறது. நம்பிக்கையான பெண்களை அனுப்பி அவள் மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு உம்மாதான் பொருத்தமானவர், மற்றவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்று காரணமும் சொல்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் கேட்கும் கேள்வி போதாது என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள்.

நாட்டின் சட்டத்தைப் பார்த்தால், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த பதிவுமுறையில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார். பெண்ணின் ஒப்பத்துக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. காவின் எழுதுகிற மேசைக்கு அவள் வருவதே இல்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைக்கப்பட்ட சீர்திருத்தக் குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. அதைச் சுற்றி நடந்த சண்டைகள் உங்களுக்குத் தெரியும். பெண்ணும் ஒப்பமிட வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒப்பம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற என் தோழிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் சாச்சியின் மகளிடம் பேனையைக் கொடுத்திருந்தால் அவள் ஒப்பமிட்டிருப்பாள். குனிந்த தலை எவ்வளவு சொல்லுமோ அவ்வளவுதான் அந்த ஒப்பமும் சொல்லியிருக்கும்.

ஏனென்றால் அவள் "இல்லை" என்பதை முன்பே சொல்லிவிட்டாள், வேறு மொழியில். அவளுக்கு மாப்பிள்ளையில் குறை இருக்கவில்லை. நான்கு மாதத்தில் கடைசிப் பரீட்சை, அதை முடித்துவிட்டுச் செய்தால் நல்லது என்பதுதான் அவள் எண்ணம். "உம்மா, எக்ஸாம் வருதே" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை சமையலறையில், ஒரு தடவை துணி எடுக்கப் போனபோது, ஒரு தடவை இரவில். மூன்று தடவையும் சாச்சி, "அல்லாஹ் லேசாக்குவான் மகள்" என்றார். சாச்சி கெட்டவர் இல்லை. பிள்ளை பயப்படுகிறாள், தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். பிள்ளை நாளைத் தள்ளிப்போடச் சொல்கிறாள் என்பது அவருக்கு எட்டவில்லை. பரீட்சை கைவிட்டுப் போனது.

கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தாள். மச்சானின் வீட்டில் வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். மாமி வாய் திறந்தால் கீழ் மாடிக்கும் கேட்கும், ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். இவள் வளர்ந்த வீட்டிலோ "பரவாயில்ல" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு அர்த்தம். கேட்டவுடன் சொன்னால் நிஜமாகவே பரவாயில்லை. கொஞ்சம் தாமதித்து, கீழே பார்த்துச் சொன்னால் பரவாயில்லாமல் இல்லை.

முதல் நோன்பில் மச்சான், "கடைசிப் பத்துக்கு உம்மா வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டார். இவள் தாமதித்து, "பரவாயில்ல, உங்கட விருப்பம்" என்றாள். அவர் அதைச் சொல்லுக்குச் சொல்லாக எடுத்துக்கொண்டார். பெருநாள் வரை அவள் வெள்ளவத்தையிலேயே இருந்தாள். இவளுக்கு மனதுக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது: கேட்டார், நான் வேதனைப்பட்டதைப் பார்த்தார், தெரிந்தும் அனுப்பவில்லை. அவருக்கோ கணக்கே இல்லை. "நான் கேட்டேனே" என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

இதில் எது சரியான முறை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மறைமுகமாகப் பேசுவது நம் எல்லோரிடமும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரை மறுக்க "இஸ்திகாரா பார்த்தோம், சரிவரல்ல" என்கிறோம். பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரி "சாதகம் பொருந்தேல்ல" என்கிறார். அழைப்பைத் தட்டிக்கழிக்க நாம் சொல்லும் "இன்ஷா அல்லாஹ்" இருக்கிறதே, அதைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். இவையெல்லாம் ஊராரின் முகத்தை முறிக்காமல் இருக்க உதவுகின்றன. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976 இல் எழுதிய புத்தகத்தில், சொல்லில் கொஞ்சமும் சூழலில் மிச்சமும் வைத்துப் பேசும் பண்பாடுகளைப் பற்றி விளக்கினார். அப்படிப் பேசுவது குறை இல்லை. ஆனால் அது வேலை செய்வதற்கு இரண்டு பேரும் ஒரே சூழலில் வளர்ந்திருக்க வேண்டும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே சில மைல்தான், மொழியும் மார்க்கமும் ஒன்றுதான். அப்படியிருந்தும் அந்த இரண்டு வீடுகளின் "பரவாயில்ல" ஒன்றல்ல.

நெருக்கமானவர்களிடம்தான் இந்தத் தவறு மறைந்தே இருக்கும். சாவிட்ஸ்கி, கீஸர் என்ற உளவியலாளர்களும் சகாக்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல பொருள் தரக்கூடிய சாதாரண வாக்கியங்களைக் கணவன் மனைவியரிடமும் அந்நியர்களிடமும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். தங்கள் துணைக்கு நன்றாக விளங்கும் என்று பேசியவர்கள் நம்பினார்கள். உண்மையில் துணை அந்நியரைவிட நன்றாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்நியரிடம் நாம் கவனமாகப் பேசுகிறோம், வீட்டில் "இவருக்குத் தெரியும்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

மகள் பேசத் தொடங்கிய பிறகு இவர்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் வந்தது. கோபம் இல்லாத நாளில் இவள் நேராக, "இஞ்சப் பாருங்க, சாப்பிட வாங்க" என்பாள். கோபமென்றால் பிள்ளையிடம், "வாப்பாக்குச் சொல்லுங்க, சாப்பாடு மேசையில இருக்கு எண்டு" என்பாள். மச்சான் இரண்டடி தூரத்தில்தான் நிற்பார். பல வீடுகளில் இது நடக்கிறது, எங்கள் வீட்டையும் சேர்த்து.

இதைக் கேட்டபோது எனக்கு ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களின் சம்பவம் நினைவுக்கு வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நீங்கள் என்னோடு சந்தோஷமாக இருக்கும்போதும் கோபமாக இருக்கும்போதும் எனக்குத் தெரியும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னார்கள். எப்படி என்று ஆயிஷா நாயகி கேட்டார்கள். சந்தோஷமென்றால் முஹம்மதின் இரட்சகன் மீது சத்தியமிடுகிறீர்கள், கோபமென்றால் இப்ராஹீமின் இரட்சகன் மீது சத்தியமிடுகிறீர்கள் என்றார்கள். ஆம், உங்கள் பெயரை மட்டும்தான் விடுகிறேன் என்று ஆயிஷா நாயகி பதில் சொன்னார்கள்.

பயான்களில் இதைக் கணவனின் நுட்பமான கவனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது சரி. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த படி. அடையாளத்தைக் கண்டார்கள், கண்டதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் வாய் திறந்து சொன்னார்கள், ஆயிஷா நாயகி அதை உறுதிப்படுத்தி, அதற்கு எல்லையும் சொன்னார்கள்: பெயரை மட்டும்தான், அதற்கு மேல் இல்லை. வாசித்தது சரியா என்று எழுதியவரிடமே கேட்டது போல. "நான் எதுவும் சொல்லாமலே இவருக்கு விளங்க வேண்டும்" என்று நாம் மனைவிமார் எதிர்பார்ப்பதையும், "சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்" என்று கணவன்மார் ஒதுங்குவதையும் இந்தச் சம்பவம் ஒரே நேரத்தில் தள்ளிவிடுகிறது.

இதை நான் இருவருக்கும் சொன்னேன். மச்சான் ஒரு நாள், "மகள்கிட்ட சொல்லி அனுப்புறீங்க, என்னோட கோபமா?" என்று கேட்டாராம். இவள், "இல்ல, களைப்பு" என்றாளாம். அது உண்மையிலேயே களைப்புதான். இரண்டு வருடமாக அதையும் கோபம் என்று கணக்கில் சேர்த்திருக்கிறார், பாவம். அன்று இரவுதான் பரீட்சைக் கதையை முதல் தடவையாக அவரிடம் சொன்னாள். "நாலு மாசம்தானே, எனக்குச் சொல்லியிருந்தா தள்ளிப்போட்டிருப்பேனே" என்றாராம். நிகாஹுக்கு முன் அவரிடம் யாரும் இதைக் கொண்டுபோகவில்லை. இவளும் கொண்டுபோகவில்லை.

இப்போது அவளுடைய தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். இந்தத் தடவை சாச்சி மாப்பிள்ளை வீட்டாரை அழைப்பதற்கு முன்பே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "சம்மதமா?" என்று கேட்கவில்லை. "இப்பவா, ஒரு வருஷம் கழிச்சா? எதுவெண்டாலும் வாப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், உங்கட பேர் வராது. இண்டைக்கே சொல்லத் தேவல்ல" என்றிருக்கிறார்.

பிள்ளை இரண்டு நாள் பேசவில்லை. சாச்சியும் அந்த இரண்டு நாளைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அடுத்த அறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் வந்தது: "உம்மா, ஒரு வருஷம் கழிச்சு."

சாச்சி அந்த வொய்ஸை எனக்கும் அனுப்பியிருந்தார். பின்னால் ஃபேன் சத்தம்தான் கூடக் கேட்டது. இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

வஸ்ஸலாம்.