புகைப்படத்தைக் கொண்டு விலையைத் தீர்மானிக்கலாமா?

ஒரு கருவியின் புகைப்படத்தை வணிகம் அறிந்தவரிடம் காட்டி, அதை இறக்குமதியாளரிடம் வாங்குவது மலிவா, மொத்த வியாபாரியிடமா, இணையக் கடையிலா என்று கேட்கும் வழக்கம் பரவி வருகிறது. கருவி இன்னதென்று தெரிந்துவிட்டால் விலையும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. அந்நம்பிக்கை தவறானது. புகைப்படம் பொருளைக் காட்டும். விலையை உண்டாக்கும் காரணங்களைக் காட்டாது.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கப் பயன்படும் டிடி 830 வகை மல்டிமீட்டரை எடுத்துக்கொள்க. சீனாவிலிருந்து வரும் இக்கருவி ஒரே அச்சில் வார்த்த உறையோடு பல பெயர்களில் விற்கப்படுகிறது. உறையை வைத்து உள்ளுறுப்புகளின் தரத்தை அறிய முடியாது. முகப்பின் படம் சற்று உதவும். 10 ஆம்பியர் துளையின் அருகே உருகி இல்லை என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தால், அத்துளைக்கு உருகியின் பாதுகாப்பு இல்லை என்பது தெளிவு. பெட்டியின் பின்புறப் படம் இன்னும் பயன் தரும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருள் உற்பத்தியான நாடு, வரிகள் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை சட்டப்படி அதில் இருக்க வேண்டும். ஆயினும் அந்த விலை ஓர் உச்சவரம்பே. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதன்றி, எவ்வளவு கீழே விற்பனையாகிறது என்பதை அது தெரிவிப்பதில்லை.

இறக்குமதியாளரே மலிவு என்று பலர் எண்ணுவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இங்குத் தரப்படும் தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. துறைமுகம் வந்து சேரும் வரையில் ஒரு கருவியின் மதிப்பு 100 ரூபாய் எனவும், சுங்கவரி நூற்றுக்கு 10 எனவும் கொள்க. வரி 10 ரூபாய். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி 1 ரூபாய். இம்மூன்றும் சேர்ந்த 111 ரூபாயின்மீது ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் ஏறக்குறைய 20 ரூபாய். ஆக 131 ரூபாய். சுங்க முகவர் கூலி, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்கு 20,000 ரூபாய் செலவானால், 2,000 கருவிகள் வருகையில் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதமே சேரும். 100 கருவிகள் மட்டும் வந்து, அச்செலவு குறையாதிருந்தால், ஒன்றுக்கு 200 ரூபாய் ஏறிவிடும். ஆகவே இறக்குமதியாளரின் மலிவு அவருடைய பதவியில் இல்லை, அளவில் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கு 12 கருவிகள் தேவை என்க. இறக்குமதியாளர் 180 ரூபாய் வீதம் 100 கருவிகளுக்குக் குறைந்து விற்பதில்லை. அவரிடம் வாங்கினால் 18,000 ரூபாய் முடங்கும். மொத்த வியாபாரி 210 ரூபாய் வீதம் தருகிறார். பார்சல் கூலி 300 ரூபாய். மொத்தம் 2,820 ரூபாய். இணையக் கடையில் வீடு வந்து சேரும் விலை 275 ரூபாய் வீதம் 3,300 ரூபாய். மொத்த வியாபாரியே மலிவு என்று தோன்றும். ஆனால் அவர் சொன்ன 210 ரூபாய் வரி நீங்கலான விலையானால், நூற்றுக்கு 18 வரி சேர்ந்து ஒன்று 247 ரூபாய் 80 காசு ஆகும். கூலியுடன் மொத்தம் 3,273 ரூபாய் 60 காசு. மிச்சம் 26 ரூபாய் 40 காசு மட்டுமே.

இதே வியாபாரி ஒரே ஒரு கருவியைப் பார்சலில் அனுப்பினால், கூலியே பொருளின் விலையை மிஞ்சிவிடும்; அப்போது இணையக் கடையே மேல். மாறாக, டில்லி லஜபத் ராய் அங்காடிக்கோ மும்பை லாமிங்டன் சாலைக்கோ நேரில் சென்று வரக்கூடியவருக்குப் பார்சல் கூலியே இல்லை. வாங்குபவர் சரக்கு, சேவை வரியில் பதிவு செய்து, தம் தொழிலுக்காக வாங்கி, உரிய பட்டியலைப் பெற்று, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் தகுதி உடையவரானால், வரி நீங்கிய விலைகளையே அவர் ஒப்பிட வேண்டும். பள்ளிக்கோ இல்லத்திற்கோ அவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

எனவே ஒரே புகைப்படத்திற்கு மூன்று சரியான விடைகள் இருக்கக்கூடும். எத்தனை வேண்டும், எந்த ஊரில் வேண்டும், வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை உண்டா என்பவற்றைக் கேட்காமல் படத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்பவர் ஊகத்தையே விடையாகத் தருகிறார். முகப்பு, பின்புறம் ஆகிய இரு படங்களையும் பொருள் இன்னதென்று உறுதி செய்யப் பயன்படுத்துக. பின்னர் மூவரிடமும் ஒரே எண்ணிக்கைக்கு, வரியும் கூலியும் சேர்த்து, வாசலில் வந்து சேரும் விலையை எழுத்தில் பெறுக. ஒப்பிடத்தக்கவை அம்மூன்று தொகைகளே.