கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: விலை கூடினால் பார்வை கூடுமா?

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் ஆலயத்தை ஒட்டி, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. செம்மேட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படிகளில் ஏறி இறங்குவதையே நிறுத்திவிட்டார். வயது 68. ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் விளிம்பு அவருக்குத் தெரியவில்லை. சன்னதியில் தீபாராதனை காட்டும்போது சுடரைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிந்தது. நாமக்கல்லில் பரிசோதித்தபோது இரு கண்களிலும் கண்புரை முற்றி வருவதாகச் சொன்னார்கள்.

அறுவைக்கு அவர் அஞ்சவில்லை. அவரைக் குழப்பியது, மருத்துவமனை ஆலோசகர் நீட்டிய விலைப்பட்டியல். மோனோஃபோக்கல் எனப்படும் ஒற்றைக் குவிய லென்ஸ் என்றால் காப்பீட்டுத் தொகையே போதும். தூரம் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோக்கல் எனப்படும் பல குவிய லென்ஸ் என்றால் பெரும்பாலும் கண்ணாடியே வேண்டாம். ஆனால் ஒரு கண்ணுக்கு 35,000 ரூபாய் கையிலிருந்து கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரு கண்களுக்கும் 70,000. அவருடைய மாத ஓய்வூதியம் 24,000. ஏறத்தாழ மூன்று மாத வருவாய் அதற்கே போய்விடும்.

சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில், “அப்பா, கண் விஷயத்தில் பணம் பார்க்க வேண்டாம். நல்ல லென்ஸாகவே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அந்த “நல்ல” என்ற சொல்தான் ஆராய வேண்டியது.

கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறையை 1949-ல் லண்டனில் தொடங்கியவர் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர். அவர் பொருத்தியது ஒற்றைக் குவிய லென்ஸ். 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, இவ்வகை லென்ஸ்கள் நம் நாட்டிலேயே மலிவாகத் தயாராயின. எளியவர்களுக்கும் அது எட்டியது அப்படித்தான். விலை குறைந்ததற்குக் காரணம் உற்பத்தி முறையே அன்றி, பார்வையின் தரக்குறைவு அன்று.

இரு லென்ஸ்களுக்கும் உள்ள வேறுபாடு, ஒளியை அவை கையாளும் விதத்தில் இருக்கிறது. ஒற்றைக் குவிய லென்ஸ் தன்னிடம் வரும் ஒளி முழுவதையும் ஒரே தூரத்துக்காகக் குவிக்கிறது. பல குவிய லென்ஸ் அதே ஒளியைத் தூரத்துக்கென்றும் கிட்டத்துக்கென்றும் பங்கிடுகிறது. வளையங்கள் பொறித்த வகைகளில், பங்கிடும்போதே ஒளியின் ஒரு பகுதி எதற்கும் பயன்படாமல் சிதறிவிடும். பட்டப்பகலில் இந்தப் பங்கீடு பெரும்பாலும் உறுத்தாது. மங்கிய வெளிச்சத்தில்தான் கணக்கு தெரியவரும். சாம்பல் நிறக் கல்லிலிருந்து அதே நிறப் படியைப் பிரித்தறியும் திறன் சற்றுக் குறையும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றும். பலருக்குச் சில மாதங்களில் மூளை இதற்குப் பழகிவிடுகிறது; சிலருக்குப் பழகுவதே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு லென்ஸை எடுத்து மாற்றுவது முதல் அறுவையைவிடக் கடினமானது.

ஆசிரியர் வாரம் ஒருமுறை காரவள்ளிக்கு இறங்கி வருபவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சில நாள் இருட்டிய பின்பே ஸ்கூட்டரில் மலையேறுவார். வீட்டில் காலையும் மாலையும் அகல்விளக்கு வெளிச்சத்தில் பாராயணம் செய்பவர். சுடரைச் சுற்றிய வட்டம் போக வேண்டும் என்றே அறுவைக்கு இசைந்தவர், வேறொரு வட்டத்தைப் பணம் கொடுத்து வாங்கலாமா என்று யோசித்தார்.

முடிவைத் தீர்மானித்தது இன்னொரு பரிசோதனை. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மற்றொரு மருத்துவரிடம் சென்றபோது, அவர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்தார். அதன் நடுப்பகுதியைக் கருவி மூலம் படமும் எடுத்தார். சர்க்கரையால் தொடக்கநிலை மாற்றங்கள் தென்பட்டன. “விழித்திரையில் குறை இருந்தால் அதற்கு முழு வெளிச்சமும் தேவை, ஐயா. அதைப் பங்கு போடும் லென்ஸ் உங்களுக்கு ஏற்றதன்று” என்றார் மருத்துவர். கண் அழுத்த நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கும், கண் வறட்சி மிகுந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாறாக, விழித்திரை நலமாகவும், கருவிழியின் வளைவு சீராகவும் இருந்து, இரவில் வண்டி ஓட்டாதவராய், கண்ணாடி அணிவதே பெருந்தொல்லை எனக் கருதுபவர்க்குப் பல குவிய லென்ஸ் மனநிறைவு தரக்கூடும். அந்தச் செலவு அவருக்குச் சுமையாக இல்லாதிருக்க வேண்டும்.

ஒற்றைக் குவிய லென்ஸ் என்று முடிவான பின்னும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. அந்த ஒற்றைக் குவியம் எந்தத் தூரத்துக்கு? அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். தூரத்துக்கு வைத்தால் கோபுரமும் பாதையும் கண்ணாடியின்றித் தெரியும். நூலை 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்க ஏறத்தாழ +2.50 பவர் கண்ணாடி வேண்டும். கிட்டத்துக்கு வைத்து, கண்ணில் −2.50 பவர் மிஞ்சும்படி செய்தால் அதே நூல் கண்ணாடியின்றித் தெரியும். ஆனால் நடப்பதற்கு எப்போதும் கண்ணாடி வேண்டும். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாமல் நாள்தோறும் படிப்பவர்க்கு இரண்டாவது ஏற்பாடே சுகமாக இருக்கும். இளமை முதல் கிட்டப்பார்வை உடையவராகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர்களும் இதையே விரும்புவதுண்டு. கணக்கு கால், அரை பவர் பிசகலாம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

ஆசிரியர் தூரத்தையே தேர்ந்தார். படிகளே அதற்குக் காரணம். இரு பார்வைக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடியில் அடிப்பகுதி படிப்பதற்கானது. படியிறங்கும்போது பார்வை அந்த அடிப்பகுதி வழியே செல்வதால் விளிம்பு கலங்கித் தெரியும். முதியோர் தடுக்கி விழ இதுவும் ஒரு காரணம். ஆகவே அவர் படிப்பதற்கு மட்டும் தனிக் கண்ணாடி செய்துகொண்டார். இரண்டு வாங்கினார், ஒன்று பூஜை அறையில், மற்றொன்று சட்டைப்பையில். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கின.

முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்தது. சில வாரங்கள் கழித்து, அந்தக் கண்ணில் பார்வை நிலைத்து, கணக்கு சரியாக அமைந்ததைப் பார்த்த பின்பே மறு கண்ணுக்குச் செய்தார்கள். வருங்காலத்தில் பார்வை மீண்டும் மெல்ல மங்கினால் லென்ஸ் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம் என்றும் மருத்துவர் சொல்லியனுப்பினார். லென்ஸின் பின்னுள்ள மெல்லிய உறை மங்குவது எந்த லென்ஸிலும் நேரக்கூடும். சில நிமிட லேசர் சிகிச்சையில் அது தெளிந்துவிடும்.

மகனிடம் ஆசிரியர் சொன்ன கணக்கு சுருக்கமானது: “மிச்சமான பணம் வங்கியில் இருக்கிறது, தம்பி. விழித்திரையை ஆண்டுதோறும் பார்க்க வேண்டுமாம். அதற்கு வைத்திருக்கிறேன்.”