அடி இருக்கட்டும், தேள் வேண்டாம்

‘கொலவெறி’ வந்தது 2011இல். தனுஷ் எழுதிப் பாடினார். தோல் வெள்ளை, மனசு கறுப்பு என்று பெண்ணைப் பற்றிச் சொல்லும் அந்தப் பாட்டை ஊரே பாடியது. அதன் வாரிசுகள் இன்றும் கானா மேடைகளில் ஒலிக்கின்றன. எங்கள் பகுதியில் கானா பாடும் தம்பி ஒருவர், தான் எழுதிய காதல் தோல்விப் பாட்டை என்னிடம் காட்டினார்:

வெள்ளைத் தோலு, கொட்டும் தேளு
விட்டுப் போனா, செத்தேன் நானு

இதில் எனக்கு இரண்டு சிக்கல்கள். வெள்ளைத் தோலை அழகின் அளவுகோலாக்குவது முதலாவது. “உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரி தெரியலையே” என்று நிறத்தை வைத்துச் சாதியைத் தேடும் அதே கண்தான் இதுவும். இரண்டாவது, வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அவள் தேளாகிவிடுகிறாள். சாதி மீறிக் காதலுக்குச் சம்மதித்தால் வீட்டார் கொல்கிறார்கள், மறுத்தால் பாட்டு திட்டுகிறது. அவள் முடிவை அவளே எடுக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

“இதையெல்லாம் எடுத்துட்டா பாட்டுல கெத்து இருக்காதே தோழர்” என்றார் தம்பி. நியாயமான கேள்வி. அந்தக் கெத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். மெட்டு ‘தன்னத் தானா, தன்னத் தானா’ என்று போகிறது. தோலு, தேளு, நானு என்று உகரத்தில் முடியும் சொற்களின் மேல் அடி விழுகிறது. இரண்டு வரிகளும் ‘வெ’, ‘வி’ என்று மோனையில் தொடங்குகின்றன. ஆட வைப்பது இவைதான். பெண்ணைத் திட்டுவதற்கு இதில் வேலையே இல்லை.

முதலில் “சமத்துவமே உண்மைக் காதல்” என்று எழுதிப் பார்த்தோம். கருத்து சரி, ஆனால் தாளத்தில் உட்காரவில்லை. துண்டறிக்கையைப் பாடுவது போல இருந்தது. ஆகவே மெட்டு, மோனை, உகரம் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேலியை மட்டும் பாடுகிறவன் பக்கம் திருப்பினோம்:

வெட்டிக் காலு, தேயும் தோலு
வேணாம்னாளே, நின்னேன் நானு

‘தோலு’ அப்படியே இருக்கிறது. இப்போது அது அவள் நிறமல்ல, அவள் பின்னால் சுற்றித் தேய்ந்த இவன் செருப்பு. ‘செத்தேன்’ இருந்த இடத்தில் ‘நின்னேன்’ வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவு, அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. ஆனால் அவளைக் குற்றவாளியாக்கும் மரணம் போய், அவள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து நிற்கும் கால் வந்துவிட்டது. சோகமும் நக்கலும் குறையவில்லை.

இது பாதி வேலைதான். இந்தப் பாட்டில் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை, அவள் சொன்னதையும் அவன்தான் சொல்கிறான். அடுத்த சரணத்தை ஒரு பெண் எழுதிப் பாட வேண்டும். மெட்டு தயாராக இருக்கிறது.